‘பழையபடி ஆக்கித் தந்துடறேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

போன வாரம் ஆபீஸ் தம்பி ஒருவன் உற்சாகமாக வந்தான். மடிப்பாக்கத்தில் வீடு பார்த்திருக்கிறான். "அண்ணே, பெட்ரூம்ல ஒரு சுவர் மட்டும் டார்க் கிரீன் அடிக்கப்போறேன். ஓனர்கிட்ட பேசிட்டேன். போகும்போது பழையபடி ஆக்கித் தந்துடறேன்னு சொன்னேன், உடனே சரின்னுட்டார்."

உடனே சரி என்று ஏன் சொல்லமாட்டார்? பதினேழு வருடத்தில் சென்னையில் ஆறு வாடகை வீடு மாறியவன் நான். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலை இருபத்தாறாயிரத்துச் சொச்சம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கேட்காமல் பெயின்ட் அடிப்பது, கேட்காமல் சுவரை உடைப்பது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அதெல்லாம் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அனுமதி கேட்டுச் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு.

அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்பது

டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். அதற்கப்புறம் கேட்டால் அது கெஞ்சல்.

யாரிடம் கேட்பது என்று பார்க்காமல் கேட்பது

குரோம்பேட்டை வீட்டில் கீழ்ப்போர்ஷனில் ஓனரின் அம்மா இருந்தார். ஹாலில் புத்தக ஷெல்ஃப் மாட்டிக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டேன். "உன் வீடு மாதிரி நினைச்சுக்கோப்பா" என்றார். நான்கு வருடம் கழித்து அட்வான்ஸைத் திருப்பித் தர வந்தது மகன். சுவரில் இருந்த எட்டு ஓட்டையையும் விரலால் தொட்டு எண்ணினார். "அம்மா சொன்னாங்க" என்றேன். அம்மாவுக்கு ஞாபகமில்லை. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் வாசலில் நின்று சொன்ன ஒரு வார்த்தை யாருக்கு ஞாபகம் இருக்கும்? பிடித்தம் செய்து திருப்பித் தரப்போகிற ஆள் யாரோ, அவரிடம்தான் கேட்கவேண்டும்.

‘பழையபடி’ என்ற சொல்

இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

நங்கநல்லூரில் இரண்டாவது மாடி, வாடகை பதினாலாயிரம். பெட்ரூமின் ஒரு சுவருக்கு அடர்நீலம் அடிக்க ஆசை. பன்னிரண்டடி நீளம், ஒன்பதடி உயரம், ஏறக்குறைய நூற்றுப்பத்து சதுர அடி. ஓனரும் நல்ல மனிதர்தான். "போறப்ப பழையபடி ஆக்கிடணும்" என்றார். "கண்டிப்பா சார்" என்றேன். எந்தப் பழையபடி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சுவரில் ஏற்கெனவே இருந்தது க்ரீம் கலர் டிஸ்டம்பர். உள்ளங்கையால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். பெயின்டர் அப்போதே சொன்னார்: "சார், இதைச் சுரண்டி எடுத்துட்டு பிரைமர் போட்டுத்தான் எமல்ஷன் அடிக்கணும். இல்லேன்னா நிக்காது." கூலி ஏறுமே என்று நான் வேண்டாம் என்றேன். பெயின்டும் கூலியுமாக 2,200 ரூபாயில் வேலை முடிந்தது. சுவர் பிரமாதமாக இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் ஜன்னலோரம் ஓதம் ஏறி, நீலம் அப்பளம் மாதிரி எழும்பியது. உரித்தால் பின்பக்கம் முழுக்க க்ரீம் மாவு. எமல்ஷன் சுவரைப் பிடிக்கவே இல்லை. சுவரின் மேல் இருந்த மாவைத்தான் பிடித்திருந்தது.

காலி செய்யும் மாதம் வந்தது. சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் ஒரு கோட், க்ரீம் இரண்டு கோட் என்று பேசி ஆரம்பித்தார்கள். இரண்டாவது கோட் காய்ந்த பிறகும் அடியில் நீலம் நிழலாடியது. மூன்றாவது கோட் அடித்தோம். 3,800 ரூபாய். அப்பாடா என்று ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை, அறையைப் பார்த்தார். "இது பழைய கலர் இல்லையே?"

அவர் சொன்னது உண்மை. மற்ற மூன்று சுவர்களும் பல வருட வெயிலிலும் தூசியிலும் பழுத்துப்போய் வேறு க்ரீமாகியிருந்தன. கடையில் அதே பெயருள்ள கலரைக் கலந்து வாங்கினாலும் அது புது டப்பாவின் கலர். பழுத்த கலரை எந்த மெஷினும் கலந்து தராது. அதோடு முன்னால் இருந்தது டிஸ்டம்பர், மேலே மினுக்கம் கிடையாது. நான் அடித்தது எமல்ஷன், லைட் வெளிச்சத்தில் லேசாகப் பளபளத்தது. கடைசியில் நான்கு சுவரும் ஒரே மாதிரி தெரிவதற்காக மற்ற மூன்றையும் அடித்துக் கொடுத்தேன். இன்னொரு 6,500.

சாவியைக் கொடுக்கும்போது கணக்கு வந்தது. அட்வான்ஸில் ஒரு மாத வாடகை, பதினாலாயிரம், ‘பெயின்டிங் சார்ஜ்’. "சார், நான்தான் அடிச்சுக் கொடுத்துட்டேனே?" "அது நீங்க மாத்தினதுக்கு. இது வழக்கமா எல்லாருக்கும் பிடிக்கிறது." அக்ரிமென்டை எடுத்துப் பார்த்தால் ஒன்பதாவது வரியில் அப்படித்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டது நான்.

ஆசைக்கு 2,200, பழையபடி ஆக்க 10,300, அதற்கு மேல் 14,000. மொத்தம் 26,500. அடுத்த குடித்தனக்காரருக்காக ஓனர் அந்த அறையையும் சேர்த்து முழு வீட்டுக்கும் வெள்ளை அடித்தார் என்பதை வாட்ச்மேன் சொல்லித் தெரிந்துகொண்டேன். நான் அடித்த நான்கு சுவரும் இரண்டு வாரம்கூட இருக்கவில்லை.

இதில் ஓனரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தப்பு என் வாக்குறுதியில் இருந்தது. சுவர் பழையபடி ஆகவே ஆகாது. எமல்ஷன் என்பது பிளாஸ்டிக் படலம் மாதிரி. அதற்கு மேல் சுண்ணாம்பு பிடிக்காது. டிஸ்டம்பர் இருந்த சுவரை மறுபடி டிஸ்டம்பர் சுவராக்க வேண்டுமென்றால் மொத்தத்தையும் சுரண்டவேண்டும். செய்யமுடியாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, செய்தாயிற்றா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமையையும் எதிராளி கையில் கொடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் வாக்குறுதி கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: "காலி பண்ணும்போது பெயின்டிங்குக்குன்னு அட்வான்ஸ்ல பிடிப்பீங்களா?" பிடிப்பேன் என்றால், எப்படியும் முழு வீட்டுக்கும் என் காசில் பெயின்ட் அடிக்கப்போகிறார், நான் தனியாக எதையும் திருப்பி அடிக்கவேண்டியதில்லை. அடர்கலரை மறைக்க ஒரு பிரைமர் கூடுதலாக ஆகும் என்றால் அதற்கு ஒரு தொகையை அப்போதே பேசிக்கொள்ளலாம். பிடிக்கமாட்டேன் என்றால் நான் அடித்துத் தருகிறேன். இரண்டில் ஒன்றுதான். இரண்டும் சேர்ந்து வரும்படி விட்டதுதான் நங்கநல்லூரில் நான் செய்த மடத்தனம்.

பிறகு ‘பழையபடி’ என்ற சொல்லே இல்லாமல் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் அனுப்புகிறேன். தம்பிக்கு எழுதிக் கொடுத்தது இது:

"சார், நாம் பேசியபடி பெட்ரூமில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஒன்றுக்கு மட்டும் பச்சை எமல்ஷன் என் செலவில் அடித்துக்கொள்கிறேன். இப்போது சுவர் இருக்கும் நிலைக்குப் போட்டோ இணைத்திருக்கிறேன். காலி செய்யும்போது அந்தச் சுவருக்கு மட்டும் ஒரு கோட் பிரைமரும், பச்சை மறையும் வரை வெள்ளை எமல்ஷனும் மூலையிலிருந்து மூலை வரை அடித்துத் தருகிறேன். மற்ற சுவர்களோடு கலர் சற்று வித்தியாசப்படலாம். இதற்குமேல் பெயின்டிங்குக்காக அட்வான்ஸில் பிடித்தம் இல்லை என்று பேசினோம். அல்லது பச்சை அப்படியே இருக்கட்டும் என்று நீங்கள் விரும்பினால், காலி செய்ய ஒரு மாதம் முன்பு சொல்லிவிடுங்கள். சரி என்றால் ஒரு பதில் போடுங்கள்."

கலர் வித்தியாசப்படலாம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மூலையிலிருந்து மூலை வரை என்பதும் காரணத்தோடுதான் இருக்கிறது: நடுச்சுவரில் திட்டுத் திட்டாக டச்சப் செய்தால் எவ்வளவு நல்ல பெயின்டரானாலும் திட்டு தெரியும். சுவர் திரும்புகிற இடத்தில் கலர் லேசாக மாறினால் கண் அவ்வளவாகப் பிடிக்காது. கடைசிக்கு முந்தின வரியில் கேட்ட விருப்பத்தையும் சும்மா நினைக்காதீர்கள். வேளச்சேரி வீட்டில் நான் போட்ட கொசுவலைக் கதவைக் கழற்றவேண்டாம் என்று ஓனரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பில்தான் இருக்கின்றன. குழாய் வாஷர் மாற்றுவதெல்லாம் நம் பொறுப்பு. ஆனால் அக்ரிமென்டில் வேறு மாதிரி எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், அட்டவணையைக் காட்டிப் பேசுவது கஷ்டம். பதினாலாயிரத்துக்காக யாரும் வாடகை கோர்ட்டுக்குப் போவதில்லை. அக்ரிமென்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டைல்ஸில் டிரில் போடுவது

போடாதீர்கள். போட்டே தீரவேண்டுமென்றால் இரண்டு டைல் சேரும் கோட்டில் போடுங்கள்.

ஓட்டையை ஒரே தடவையில் அடைப்பது

பிளக்கை உள்ளேயே விட்டுவிட்டு மேலே பட்டியைப் பூசுவார்கள். ஒரு வாரத்தில் வட்டமாக வெடிப்பு தெரியும். ஸ்க்ரூவைப் பாதி திருகி, குறடால் பிளக்கோடு சேர்த்து வெளியே இழுங்கள். ஓட்டைக்குள் தண்ணீர் தெளித்துப் பட்டியை அழுத்தி நிரப்புங்கள். காய்ந்ததும் அது உள்வாங்கிச் சின்னப் பள்ளமாகும். மறுநாள் இன்னொரு தடவை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கை வைத்தாலும் தெரியாது.

கடைசி வாரத்தில் ஆரம்பிப்பது

சாமான் ஏற்றும் லாரியும் பெயின்டரும் ஒரே நாளில் வருவார்கள். நேற்று அடித்த சுவரில் பீரோ உரசும். சொல்லவேண்டியதில்லை.

தம்பி மெசேஜை அன்றைக்கே அனுப்பினான். ஓனர் சாயங்காலம்தான் பதில் போட்டார். கட்டைவிரல் ஒன்று, அதற்குக் கீழே: "பிடித்தம் இல்லை, ஓகே. ஆணி மட்டும் அடிக்காதீங்க." இப்போது காலண்டரை எங்கே மாட்டுவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.