பெயர் ஒன்று, எல்லை வேறு: வேலூர் தரவுகளை இணைக்கும்போது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வேலூர் மாவட்டமும் இன்றைய வேலூர் மாவட்டமும் பெயரால் அப்படியே பொருந்திவிடும். ஆனால் 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துவிட்டதால், இன்றைய வேலூரின் எண்ணிக்கையை 2011இன் 39,36,331 பேரால் வகுத்தால் விகிதம் பிழையாக வரும், கணினியோ எந்த எச்சரிக்கையும் காட்டாது. பொருந்தாத பெயரைவிடப் பொருந்திவிடும் பெயரே ஆபத்தானது என்பேன்.

எனவே பெயரை விட்டுவிட்டு, 2011 கணக்கெடுப்பில் வேலூருக்குரிய 605 என்ற குறியீட்டை நிலையான அலகாகக் கொண்டு, பெயரோடு ஆண்டையும் சேர்த்து எல்லா மாவட்டங்களுக்கும் ஓர் இணைப்பு அட்டவணை எழுதுங்கள். அதில் வேலூருக்குரிய பகுதி இது; to காலியாக இருந்தால் இன்றுவரை என்று பொருள்.

```
name,from,to,code2011
வேலூர்,2011,2019,605
வேலூர்,2020,,605
ராணிப்பேட்டை,2020,,605
திருப்பத்தூர்,2020,,605
```

இணைத்தபின் குறியீடு, ஆண்டு வாரியாக எண்ணிக்கைகளைக் கூட்டுங்கள். எழுத்தறிவு போன்ற விழுக்காடுகளுக்குச் சராசரி எடுக்காமல், எழுத்தறிந்தோரையும் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனோரின் மொத்தத்தையும் தனித்தனியே கூட்டிய பிறகு வகுக்க வேண்டும். இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிசைகளின் எண்ணிக்கையும் மாநில மொத்தமும் மாறாதிருக்கின்றனவா என்று பாருங்கள்; கூடியிருந்தால் ஒரே பெயர் இரண்டு வரிசைகளோடு பொருந்தியிருக்கிறது, பெரும்பாலும் ஆண்டு நிபந்தனை விடுபட்டதே காரணம்.

இம்முறை புதியவற்றைப் பழையதாகச் சேர்க்க மட்டுமே உதவும். பழைய வேலூரை மூன்றாகப் பிரிக்க வட்டம் அல்லது கிராம அளவிலான தரவு தேவை. 1981 வரை செல்வதானால், 1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த திருவண்ணாமலையையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.