முதல் ரேங்க் வாங்கியவளுக்குப் பின்னம் தெரியுமா? மதிப்பீட்டில் புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டு மலைமேல் ஒரு நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பில் 30 பிள்ளைகள், பெரும்பாலும் காப்பி எஸ்டேட் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பின்னங்கள் பாடம் முடிந்ததும் ஆசிரியை 20 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வைக்கிறார். வகுப்புச் சராசரி 9. ஒரு மாணவி 14 வாங்கி முதலிடம். பதிவேட்டில் ஏற்றியாயிற்று, அவளுக்குப் பின்னம் நன்றாக வருகிறது என்று ஆசிரியை அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்.

புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இந்தத் தவறைத்தான். 14 என்ற எண்ணை வைத்து அவர் தெரிந்துகொண்டது, அந்தப் பெண் மற்ற 29 பேரைவிட முன்னே நிற்கிறாள் என்பது மட்டுமே. பி.எட். பாடத்தில் நார்ம் ரெஃபரன்ஸ்டு என்று படித்தது இதுதான்: ஒரு மாணவரைக் குழுவோடு ஒப்பிட்டு இடம் சொல்வது. சேலம் டவுனில் சராசரி 17 இருக்கும் ஒரு வகுப்பில் அதே தாளுக்கு அதே 14 வாங்கியிருந்தால் அவள் கடைசி வரிசைக்குப் போயிருப்பாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு மட்டும் அப்படியே இருந்திருக்கும்.

கிரைட்டீரியன் ரெஃபரன்ஸ்டு மதிப்பீடு கேட்கும் கேள்வி வேறு: முன்பே இலக்காக எழுதி வைத்த ஒரு திறனை இந்தப் பிள்ளை எட்டிவிட்டதா? காப்பிக் கொட்டையைச் சலித்துத் தரம் பிரிப்பதை மலையில் பார்த்திருப்பீர்கள். சல்லடைக் கண்ணின் அளவு மாறாது. மேலே நிற்பது எத்தனை மூட்டையானாலும் அதெல்லாம் ஒரே தரம்தான். இந்த இரண்டு வகைகளின் வேறுபாட்டை 1963-இல் ராபர்ட் கிளேசர் என்ற அமெரிக்க உளவியலாளர் தெளிவாக எடுத்து எழுதினார். அதன் பிறகுதான் அது கல்வித்துறையில் பரவலாகப் பேசப்பட்டது.

சரி, அந்த 14-ஐப் பிரித்துப் பார்ப்போம். தாளில் நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்விகள். ஓரினப் பின்னங்களைக் கூட்டுவதில் அவளுக்கு 5. சமான பின்னத்தில் 5. வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவதில் 2. வாக்கியக் கணக்கில் 2. மூன்றாம் பிரிவில் அவள் சரியாகச் செய்தவை 1/2 + 1/4, 1/3 + 1/6. தவறிய மூன்றில் 1/2 + 1/3-க்கு 2/5 என்றும், 2/3 + 1/4-க்கு 3/7 என்றும், 3/4 + 2/5-க்கு 5/9 என்றும் எழுதியிருக்கிறாள்.

விடைகள் தற்செயலாகத் தவறவில்லை. சரியான இரண்டிலும் ஒரு பின்னத்தின் பகுதி மற்றதன் பகுதிக்கு மடங்கு, அதனால் சமான பின்னம் தெரிந்தாலே போதும். மடங்காக இல்லாத இடத்தில் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிடுகிறாள். ஆக அவளுக்கு மீ.சி.ம. எடுத்துப் பொதுப் பகுதிக்கு மாற்றுவது வரவில்லை. அரையோடு இன்னொன்றைக் கூட்டி 2/5 வந்தால் அது அரையைவிடக் குறைவு, 'கூட்டினால் குறையுமா?' என்று ஒரு கேள்வி கேட்டு அந்த இடத்திலிருந்து பாடத்தைத் திரும்பத் தொடங்கலாம். முதலிடம் வாங்கியவளுக்கே இது வரவில்லை என்றால் வகுப்பில் பலருக்கும் வந்திருக்காது. அடுத்த நாள் முழு வகுப்புக்கும் இதையே எடுக்க வேண்டும். ரேங்க் பட்டியலைப் பார்த்துக் கடைசி ஐந்து பேரை மட்டும் மாலையில் உட்கார வைப்பது வீண்.

அடுத்த தவறு, தேர்ச்சிக்கு எத்தனை வேண்டும் என்று வைக்கும் வெட்டு எல்லையில். இலக்கு சார்ந்து பார்க்கிறேன் என்று தொடங்குபவர்களும் பழக்கத்தில் 35 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஐந்து கேள்வியில் 35 சதவீதம் என்றால் இரண்டு சரியானால் போதும். அப்படிப் பார்த்தால் நம் மாணவி வேற்றினப் பின்னத்திலும் 'தேர்ச்சி'! நான்கு விருப்பங்களில் ஒன்றைக் குறிக்கும் கேள்விகளானால் நிலைமை இன்னும் மோசம். எதுவும் தெரியாமல் குருட்டாம்போக்கில் குறித்தாலே, ஐந்தில் இரண்டோ அதற்கு மேலோ சரியாக அமைய நூற்றுக்கு 37 வாய்ப்பு இருக்கிறது. ஐந்தில் நான்கு என்று வைத்தால் அது 64-இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். நான்கு என்று வைப்பதில் ஒரு கவனப்பிசகுக்கும் இடம் கிடைக்கிறது. அதற்காக நான்கு என்பது வேதவாக்கு இல்லை. அடுத்த பாடத்துக்கு இந்தத் திறன் எவ்வளவு அவசியம் என்று பார்த்து ஆசிரியர் தீர்மானிப்பதுதான். ஆனால் தாளைத் திருத்தும் முன்பே தீர்மானிக்க வேண்டும். மதிப்பெண்களைப் பார்த்த பிறகு 'பாதிப் பேராவது பாஸாகட்டும்' என்று எல்லையை நகர்த்தினால் மறுபடி குழு ஒப்பீட்டுக்கே போய்விட்டோம் என்று பொருள்.

இலக்கையும் அளக்கும்படி எழுத வேண்டும். 'பின்னங்களைப் புரிந்துகொள்வார்' என்றால் எதை வைத்துச் சொல்வது? 'பகுதி 12-க்குள் உள்ள இரண்டு வேற்றினப் பின்னங்களை, படத்தின் துணையில்லாமல் கூட்டிச் சுருக்கிய வடிவில் எழுதுவார். ஐந்தில் நான்கு சரியாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் வேறொரு ஆசிரியர் வந்து திருத்தினாலும் அதே முடிவுதான் வரும்.

கேள்வித்தாள் தயாரிப்பதில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். எல்லாரும் சரியாக எழுதிய கேள்வியை 'ரொம்ப ஈஸி' என்று அடுத்த முறை நீக்கிவிடுவார்கள். ஊரகத் திறனாய்வுத் தேர்வு போன்றவற்றுக்கு அது சரி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் என்று அதில் பொறுக்கி எடுக்கிறார்கள். எல்லாரும் சரியாகப் போடும் கேள்வியும், ஒருவரும் போட முடியாத கேள்வியும் அங்கே ஆளைப் பிரித்துக் காட்டாது. வகுப்புத் தேர்விலோ, பாடம் நடத்திய பின் 30 பேரில் 28 பேர் ஒரு கேள்வியைச் சரியாகச் செய்தால் நீங்கள் நடத்தியது போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். திறனாய்வுத் தேர்வு கைடிலிருந்து கேள்விகளை எடுத்து அலகுத் தேர்வு நடத்துபவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: பிரிப்பதற்கென்று செய்த கேள்வியில் பிள்ளைகள் சிதறித்தான் போவார்கள்.

தொடக்க வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் இருந்தது நினைவிருக்கும். அவை திறனை வைத்துப் பிரித்தவை. ஆனாலும் வகுப்பை மூன்றாக்கிப் பத்துப் பத்துப் பேராக நிரப்பிவிடும் ஆசை யாருக்கும் வரும், மேசைக்கு மேசை ஒரே எண்ணிக்கை இருந்தால் நடத்த வசதி. ஆனால் அப்படி நிரப்பினால், சரளமாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை மலரில் இடமில்லாமல் மொட்டில் உட்காரும். இருபது பேர் அரும்பாக இருந்தால் அரும்பில் இருபது பேர்தான்.

அதற்காக ஒப்பீட்டை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. வட்டார அளவிலான வினாடி வினாவுக்கு இரண்டு பேரை அனுப்ப வேண்டுமென்றால் ரேங்க்தான் உதவும். பெற்றோர் கூட்டத்தில் மட்டும் அதைத் தள்ளி வையுங்கள். 'உங்க பொண்ணு ஃபர்ஸ்ட் ரேங்க்' என்று கேட்ட அம்மா சந்தோஷமாகப் போய்விடுவார், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

மதிப்பெண் பதிவேடு எப்படியும் எழுதியாக வேண்டும். அதோடு ஒரு தனித்தாளில் இடது பக்கம் பெயர்கள், மேலே நான்கு திறன்கள் என்று கட்டம் போட்டு, ஐந்தில் எத்தனை என்று எழுதுங்கள். அப்புறம் குறுக்கே படிக்காமல் மேலிருந்து கீழே படியுங்கள். மூன்றாம் பத்தியில் நான்குக்குக் குறைவாக இருபது பேர் இருந்தால் அந்தப் பாடத்தை மீண்டும் நடத்த வேண்டும். மூன்று பேர் இருந்தால் அவர்களோடு தனியாக உட்கார்ந்தால் போதும். ஒரு வாரம் கழித்து எண்களை மட்டும் மாற்றி அந்த ஐந்து கேள்விகளையே கொடுங்கள், முன்பு எட்டாதவர்களுக்கு மட்டும்.