பட்டறை போடும் முன் வெங்காயத்தின் கழுத்தைப் பாருங்கள்

பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பக்கம் வைகாசியில் சின்ன வெங்காயம் பிடுங்குபவர்கள் விலை ஏறும்வரை காயைப் பட்டறையாக அடுக்கிச் சேமித்துக் காத்திருப்பார்கள். ஆடியில் பிரித்தால் நடுவில் கருத்து, நசநசவென்று கிடக்கும். பழி மழைமேல் விழும். ஆனால் பாதிக் கேடு பிடுங்கிய முதல் வாரத்திலேயே நடந்திருக்கும்.

மேல்தோல் சலசலவென்று உரிகிறதே, காய்ந்துவிட்டது என்று நம்புவதுதான் பெரிய தவறு. தோல் இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடும், கழுத்து காயாது. தாள் பச்சையாக இருக்கும்வரை கழுத்து திறந்த வழி. அழுகல் கிருமியும் கரும்பூஞ்சையும் அந்த ஈரம் வழியாகத்தான் உள்ளே இறங்குகின்றன. தாள் வாடி, கழுத்து சுருங்கி ஒட்டிக்கொண்டால்தான் அந்த வழி அடைபடும். கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து உருட்டிப் பாருங்கள். உள்ளே ஏதோ வழுக்குவதுபோல் இருந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்த கழுத்து காகிதம்போல இறுகியிருக்கும்.

இதற்கான வேலை பிடுங்குவதற்கு முன்பே தொடங்குகிறது. பத்துப் பதினைந்து நாள் முன்னதாகத் தண்ணீரை நிறுத்த வேண்டும். கடைசி நேரத்தில் எடை ஏறட்டும் என்று பாய்ச்சும் ஒரு தண்ணீரும், பிந்திப் போடும் யூரியாவும் கழுத்தைத் தடிக்க வைக்கும். தடித்த கழுத்துக் காய் எத்தனை நாள் உலர்த்தினாலும் சரியாக அடையாது. அதைத் தனியாகப் பொறுக்கி உடனே விற்றுவிடுவதே நல்லது.

பிடுங்கியதும் ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசைக் காயை மூடும்படி வயலில் மூன்று நாள் போடுங்கள். வெயில் காயின்மேல் நேராகப் பட்டால் வெந்து மெதுமெதுவென்று ஆகிவிடும். அப்புறம் நிழலில் ஓர் அடிக்கு மேல் உயராமல் பரப்பி, தினம் கிளறிவிட்டு ஒரு வாரம், பத்து நாள். அவசரத்தில் பச்சைத் தாளைக் காயோடு ஒட்ட அறுப்பவர்கள் கிருமிக்குப் புதிதாக ஒரு வாசல் திறந்துவிடுகிறார்கள். அறுத்தே ஆக வேண்டும் என்றால் தாள் காய்ந்த பிறகு, ஓர் அங்குலம் கழுத்து விட்டு அறுங்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம். வெங்காயம் மூச்சுவிடும். அந்தச் சூடும் ஈரமும் வெளியேற வழி வேண்டும். எட்டடி அகலத்தில் போட்டால் பக்கக் காற்று நடுவுக்குப் போய்ச் சேராது. நாலைந்து அடி அகலம் போதும். நிறையக் காய் இருந்தால் நீளத்தைக் கூட்டுங்கள். அடியில் கல் வைத்து, மூங்கில் பரப்பி, தரையிலிருந்து ஒன்றரை அடியாவது தூக்குங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால், பட்டறையின் நீளப்பக்கம் அதற்கு எதிரே இருந்தால் காற்று குறுக்கே புகுந்து போகும்.

ஆனியில் அந்தக் காற்றே சாரலைக் கொண்டுவரும்போது பலரும் தார்ப்பாயைச் சுற்றிலும் தரைவரை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே வியர்த்து, காய் நனைந்து, வேர் விடத் தொடங்கிவிடும். கூரைக்கும் காய்க்கும் இடைவெளி விட்டு மேலே கீற்று வேயுங்கள். தார்ப்பாய் வேண்டுமானால் சாரல் அடிக்கும் பக்கம் மட்டும், மழை விட்டதும் சுருட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை நடுவில் கைவிட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாகவோ புளித்த வாடையாகவோ இருந்தால், அன்றே அந்த இடத்தைப் பிரித்து, அழுகியதை நீக்கி, மீதியை நிழலில் ஆற்றிய பிறகுதான் திரும்ப அடுக்க வேண்டும்.