50 பெட்டி வந்தும் ஆர்டர் மூடவில்லையா?

கொள்முதல் சிஸ்டத்தில் கையுறை பெட்டிக் கணக்கு, ஸ்டாக்கில் ஜோடிக் கணக்கு. ஒரு பெட்டிக்கு 12 ஜோடி. 50 பெட்டி ஆர்டர் போட்டோம், 600 ஜோடியும் சரியாக வந்து சேர்ந்தது. ஆனால் ஆர்டர் மட்டும் மூடவே இல்லை, 0.02 பெட்டி பாக்கி என்று நின்றது.

காரணம் சின்னது. இரண்டு சிஸ்டத்தையும் இணைத்தவர் மாற்று விகிதத்தை ‘1 ஜோடி = 0.0833 பெட்டி’ என்று நான்கு தசமத்தில் பதிந்திருந்தார். 600 × 0.0833 = 49.98. அவ்வளவுதான்!

விகிதத்தை எப்போதும் முழு எண் வரும் பக்கமிருந்து எழுதுங்கள்: 1 பெட்டி = 12 ஜோடி. ஜோடியிலிருந்து பெட்டிக்குத் திரும்பும்போது பெருக்காமல் 12-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். SAP இந்த விகிதத்தைப் பின்னமாக எடுத்து, அதன் தொகுதி, பகுதி இரண்டையும் தனித்தனி முழு எண்ணாக வைக்கிறது.

அப்புறம், சப்ளையர் திடீரென்று 10 ஜோடிப் பெட்டிக்கு மாறினால் 12-ஐ அழித்து 10 போடாதீர்கள். இன்னும் வந்து சேராத பழைய ஆர்டர்களின் கணக்கும் சேர்ந்து மாறிவிடலாம். ‘பெட்டி-10’ என்று புது அலகு திறந்துவிடுங்கள். விலையையும் ஒரு தடவை பாருங்கள்: பெட்டி 1,440 ரூபாய் என்றால் ஸ்டாக்கில் ஜோடி 120 என்று இருக்க வேண்டும். அளவு மாறி விலை மாறாமல் போவது அடிக்கடி நடக்கும்.