மேடைக் கவிதையை அச்சுக்குக் கொடுக்கும்போது செய்யும் தவறுகள்

மேடையில் கைதட்டல் வாங்கிய கவிதையைப் பிறகு ஒரு பத்திரிகையில் பார்க்கிறோம். "இதுக்கா அன்னைக்கு அப்படிக் கைதட்டினோம்?" என்று தோன்றுகிறது. பல நேரம் கோளாறு கவிதையில் இருக்காது. கைபேசியில் பதிவான குரலைக் கேட்டு, கேட்டது கேட்டபடியே தட்டச்சு செய்து அனுப்பியதில்தான் இருக்கும். நானும் இதைச் செய்து மாட்டிக்கொண்டவன்.

சென்ட்ரிங் வேலை செய்பவர்களைப் பற்றி ஒரு கவிதை வாசித்தேன். அதில் ஓர் இடம் மேடையில் இப்படிப் போகும்:

உங்களுக்கு நாங்கள் பலகை
உங்களுக்கு நாங்கள் பலகை
எங்களுக்கு நாங்கள்… பல… கை!

முதல் வரியை இரண்டு முறை சொல்வது கவியரங்கத்தின் பழைய வழக்கம். காதால் கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. அதனால் கவிஞரே திருப்பிச் சொல்கிறார். அடுத்து ஏதோ வரப்போகிறது என்று கூட்டமும் காத்திருக்கும். அச்சில் அந்தக் காத்திருப்பு இல்லை. கண் மூன்று வரியையும் ஒரே பார்வையில் வாங்கிவிடுகிறது. முதல் வரியைப் படிக்கும்போதே கீழே 'பல கை' தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன திருப்பம்?

திரும்ப வரும் எல்லா வரியையும் வெட்ட வேண்டும் என்றில்லை. இரண்டாவது முறை வரும்போது பொருள் நகர்ந்திருந்தால் இருக்கட்டும். அதை எடுத்துவிட்டுப் படித்தும் அடுத்த வரி அப்படியே நின்றால், அது கூட்டத்துக்காகச் சொன்னது. எடுத்துவிடலாம்.

அடுத்தது புள்ளிகளும் ஆச்சரியக்குறியும். மேடையில் அரை நொடி நிறுத்தத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வேலை செய்தது. 'பலகை'யில் வரும் 'கை' மெலிந்து ஒலிக்கும், தனியாக வரும் 'கை' வன்மையாக ஒலிக்கும். அச்சில் இரண்டும் ஒரே எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி, அவ்வளவுதான். எத்தனை புள்ளி வைத்தாலும் அந்த ஒலி திரும்ப வராது. என் கவிதையில் மெய்ப்புத் திருத்தியவர் புள்ளிகளை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியையும் பிழை என்று நினைத்துச் சேர்த்துவிட்டார். உங்களுக்கும் பலகை, எங்களுக்கும் பலகை என்று அச்சாகி வந்தது!

2021 ஜனவரி 20 அன்று வாஷிங்டனில் ஜோ பைடன் பதவியேற்ற மேடையில், 22 வயது அமண்டா கோர்மன் வாசித்த கவிதையிலும் இப்படி ஓர் இடம் உண்டு. 'ஜஸ்ட் இஸ்' என்பதையும் 'ஜஸ்டிஸ்' என்பதையும் மோதவிடுகிறார். 'இருப்பது இதுதான்' என்பது ஒன்று, 'நீதி' என்பது மற்றது. வாயில் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஒலி. கேட்பவர் ஒரு கணம் தடுமாறித்தான் பிரித்தறிய வேண்டும். அச்சில் ஆங்கில எழுத்துக்கூட்டலே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. தடுமாற்றம் போய்விடுகிறது, தெளிவு வந்துவிடுகிறது. தமிழில் நமக்கு அந்த வசதி குறைவு. ஓர் இடைவெளியை நம்பித்தான் இருக்கிறோம்.

சரி, என்ன செய்யலாம்? மேடையில் நேரம் செய்த வேலையைப் பக்கத்தில் வரிமுறிவு செய்ய வேண்டும். நான் பிறகு இப்படி மாற்றினேன்:

உங்களுக்கு நாங்கள் பலகை
எங்களுக்கு நாங்கள் பல

கை

இப்போது யாரும் தெரியாமல் சேர்த்துவிட முடியாது. எதிர்பாராமல் ஒன்று கிடைக்கவும் செய்தது. 'எங்களுக்கு நாங்கள் பல' என்பது ஒரு கணம் தனியாக நின்று, 'நாங்கள் ஒருவரல்ல, பலர்' என்று பொருள் தருகிறது. மேடையில் இந்தப் பொருள் வரவே இல்லை. மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் வரியை உடைப்பவர்களுக்கு இது கிடைக்காது. மூச்சு வாங்கிய இடம் நுரையீரலின் கணக்கு.

பேச்சுமொழியைத் திருத்துவதும் ஒரு தவறு. 'சம்பளம் வரலை, பஸ்ஸும் வரலை' என்று அடித்துச் சொன்னதை 'வரவில்லை' ஆக்கினால் ஒவ்வொரு முறையும் ஓர் அசை கூடுகிறது. அடி மந்தமாகிவிடும்.

முடிவு வரிகளையும் பாருங்கள். 1980களில் சிகாகோவில் மார்க் ஸ்மித் தொடங்கிய ஸ்லாம் என்ற கவிதை வாசிப்புப் போட்டிகளில், பார்வையாளர்களிலிருந்து பொறுக்கிய ஐந்து பேர் கவிதை முடிந்த கையோடு மதிப்பெண்ணைத் தூக்கிக் காட்டுவார்கள். நேரமும் பெரும்பாலும் மூன்று நிமிடம்தான். அப்படிப்பட்ட மேடைக்கு எழுதும்போது கடைசி வரி உரக்க முடியத்தான் செய்யும், முடிந்துவிட்டது என்று கூட்டத்துக்குத் தெரிய வேண்டுமே. அச்சில் அதைக் கீழே உள்ள வெற்றுத்தாளே சொல்லிவிடும். மேடைக்காகச் சேர்த்த கடைசி நான்கு வரியை மறைத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். அநேகமாக அவை தேவைப்படாது.

இதே தவறைத் தலைகீழாகவும் செய்யலாம். அச்சு வடிவத்தையே எடுத்துப்போய் அடுத்த கூட்டத்தில் வாசித்தேன். 'பல' என்ற இடத்தில் நிறுத்தினேன். முன்வரிசையில் ஒருவர் நான் வரியை மறந்துவிட்டதாக நினைத்து, "பலகை" என்று எடுத்துக்கொடுத்தார். இப்போது என் கோப்பில் அந்தக் கவிதைக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன.