முன்பதிப்பால் ஏறும் ஒற்றுமை சதவீதம்: கவர் லெட்டரில் இரண்டு வரி

இதழுக்கு அனுப்பும் கட்டுரையை ஏற்கெனவே arXiv-இல் முன்பதிப்பாகப் போட்டிருந்தால், அதன் DOI-யையும் அதை ஒப்பீட்டிலிருந்து விலக்கிய பின் வரும் ஒற்றுமை சதவீதத்தையும் கவர் லெட்டரிலேயே எழுதிவிடுங்கள். ஒற்றுமையைச் சரிபார்க்கும் iThenticate மென்பொருளின் அறிக்கையில் மொத்தம் 46%, அதில் முன்பதிப்பிலிருந்து மட்டும் 38% என்று வந்தாலும், அந்த ஒரு மூலத்தை விலக்கினால் 11% ஆகலாம். ஆசிரியர் குழு பார்ப்பது மொத்த எண்ணை மட்டுமல்ல; ஒரே மூலத்திலிருந்து எவ்வளவு, எந்தப் பகுதியில் என்பதையும்தான். செய்முறைப் பகுதியில் 4% வந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், முடிவுகளில் வந்தால் கேள்வி வரும்.

46-இலிருந்து 38-ஐக் கழித்து 8 என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மூலத்தை விலக்கியதும் அதே வரிகள் வேறு மூலத்தின் கணக்கில் ஏறலாம்; விலக்கிய பின் அறிக்கை காட்டும் எண்ணே சரி.

ஏற்கெனவே வெளியான மாநாட்டுக் கட்டுரையை விரித்து இதழுக்கு அனுப்பினால் இது போதாது. அது முறையாக வெளியான படைப்பு. அதை மேற்கோள் காட்டி, புதிதாகச் சேர்த்த சோதனை எது, நிரூபணம் எது என்று பிரிவு எண்ணோடு சொல்ல வேண்டும். ACM இதழ்கள் குறைந்தது 25% புது உள்ளடக்கம் கேட்கின்றன. பதிப்புரிமையை மாநாட்டுக்கு எழுதிக்கொடுத்திருந்தால் பழைய படங்களுக்கு அனுமதியும் தேவைப்படலாம்.