ஒரு நிமிட வீடியோவுக்கு 100 சொல் போதும்

பொருளை அறிமுகப்படுத்தும் ஒரு நிமிட வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதும்போது பலர் 150 சொற்களைத் தாண்டிவிடுகிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 100 சொல்லை ஒட்டித்தான் வரும். அதற்கு மேல் போனால் பேசுபவர் ஓட வேண்டியிருக்கும், காட்சி மூச்சுவிட இடமிருக்காது.

கசியாத தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "வணக்கம், இன்று நாம் பார்க்கப்போவது..." என்று தொடங்கினால் முதல் ஐந்து விநாடி வீண். அதற்குள் பார்ப்பவர் விரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும். பதிலாக, பையிலிருந்து நனைந்த நோட்டுப் புத்தகம் வெளியே வரட்டும். குரல்: "மூடியை இறுக்கித்தானே வைத்தோம்?" பிரச்சினை புரிந்துவிட்டது.

அடுத்து 15ஆவது விநாடிக்குள் பாட்டில் திரைக்கு வர வேண்டும். பிறகு 45ஆவது விநாடி வரை ஒரே ஒரு சிறப்பு: கசியாமை. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் காட்டி, பாட்டிலைத் தாளின் மேல் கவிழ்த்துக் குலுக்குங்கள். தாள் காய்ந்தே இருப்பது கண்ணுக்குத் தெரியும்போது "துளிகூடக் கசியவில்லை" என்று சொல்லத் தேவையில்லை, அந்த வரியை அடித்துவிடுங்கள். நிறம், எடை, கொள்ளளவு எல்லாம் திரையில் எழுத்தாக வந்தால் போதும்.

கடைசி 15 விநாடியில் ஒரே வேண்டுகோள். "வாங்குங்கள், பகிருங்கள், பின்தொடருங்கள்" என்று மூன்றும் கேட்டால் எதுவும் நடக்காது.

எழுதியதைக் கடிகாரம் வைத்துச் சத்தமாகப் படியுங்கள். 55 விநாடிக்கு மேல் போனால் முதலில் பெயரடைகளை வெட்டுங்கள்.